டிக்ரி கையில இரிக்கி, கடன்காரன்ட பேருல என்ன இரிக்கி?

வாவிக்கரை ஹார்ட்வெயார்
எல்லாருக்கும் வணக்கம். நான் செங்கலடிப் பக்கம் ஹார்ட்வெயார் கடை வெச்சிரிக்கன். ஒரு கொந்தராத்துக்காரர், அவரு விவசாயமும் செய்யுற ஆள், சீமேந்து கம்பி தகரம் எண்டு கடனுக்கு எடுத்து எடுத்து கடைசியில தரேல்ல. மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்துல வழக்குப் போட்டு 2022 செப்டம்பர்ல தீர்ப்பு எனக்குச் சாதகமா வந்திச்சி, 18,40,000 ரூபாவும் சட்ட வட்டியும் செலவும். அதுக்குப் பிறகு ஒரு தடவ கடைக்கு வந்து ஒண்டரை லட்சம் கையில தந்தாரு, அவ்வளவுதான், ரெண்டு வருசமாப் போச்சு.

இப்ப லோயர் சொல்லுறாரு ரிட் எடுக்கலாம், ஆனா எந்தச் சொத்தப் பிடிக்கிறது எண்டு நீதான் காட்டணும் எண்டு. எனக்குத் தெரிஞ்சது இதுதான்: பெரிய மாடி வீடு ஒண்டு, உன்னிச்சைப் பக்கம் 5 ஏக்கர் வயல், வெள்ளாமை வெட்டுற மெசின் ஒண்டு, ஒரு பட்டா லொறி. டவுனுக்குக் கிட்ட 20 பேர்ச் வளவும் இருந்திச்சி, அது இப்ப என்ன எண்டு தெரியா. கண்ணுக்கு முன்னால ராசா மாதிரி வாழுறாரு கா, எனக்குத்தான் கடைக்கு முதல் இல்ல. எதப் பிடிக்கிறது லேசு?

கல்முனை காக்கா
மச்சான் இதுக்கு ஏன் யோசிக்கிறீங்க, வயலும் வீடும் இரிக்கிதே, கோட்டு உத்தியோகத்தர் பிஸ்கால கூட்டிட்டுப் போய் பூட்டுப் போட்டா ரெண்டு நாளையில காசு வந்திரும். காசு கட்டாட்டி உள்ளுக்கும் போடலாம். எங்கட பக்கத்துல ஒருத்தர அப்பிடித்தான் கொண்டு போனாங்க, அவரு மாமனார் வந்து ஒரே நாளையில கட்டினாரு.

ஓய்வு முதலியார்
காக்கா சொல்லுறது தாபரிப்பு வழக்கு இல்லாட்டி செக் வழக்கு, ரெண்டும் வேற கதை. சிவில் காசுத் தீர்ப்புக்கும் ஆளப் பிடிக்கிற பிரிவு குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில இரிக்கி, 298ல இருந்து தொடங்குது, ஆனா அதுக்குத் தனியா காரணம் காட்டணும். அத முதல் கல்லா எறிஞ்சா உங்கட காசு வராது, அவருக்கு அனுதாபம்தான் வரும்.

தம்பி ஹார்ட்வெயார், முதல்ல மூண்டு விசயம் சொல்லுங்க. தீர்ப்பு வேற டிக்ரி வேற, டிக்ரி எழுதி ஒப்பமாயிரிக்கா? அந்த ஒண்டரை லட்சத்த கோட்டுக்கு அறிவிச்சீங்களா? வீடு ஆருட பேருல?

நான் முப்பது வருசம் கோட்டுல வேலை செஞ்சவன். ரிட் பெயிலாப் போறது பிஸ்கால் சோம்பேறி எண்டதால இல்ல. காட்டுற சொத்து கடன்காரன்ட சொத்தா இரிக்காது, அதுதான் காரணம். பிஸ்கால் போய் நிண்டுட்டு சும்மா திரும்பி வருவாரு, மறுகா ரிப்போட் கோட்டுக்குப் போகும், அதோட ஒரு வருசம் போகும்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
டிக்ரி எழுதி இரிக்கி ஐயா, கொப்பியும் எடுத்திட்டன். ஒண்டரை லட்சம் கோட்டுக்குச் சொல்லேல்ல, ரசீதும் குடுக்கல, கடைக் கொப்பியில மட்டும் எழுதினன். அதச் சொல்லாம 18,40,000த்துக்கும் ரிட் கேட்டா என்ன எண்டு ஒரு யோசனை.

வீடு மனுசிட பேருல எண்டுதான் ஊருல சொல்லுறாங்க.

ஓய்வு முதலியார்
அந்த யோசனைய இண்டைக்கே விட்டிருங்க. கோட்டுக்கு வெளியில வாங்கின காச கோட்டுக்கு அறிவிக்கணும் எண்டு 349 சொல்லுது. ரிட் கேக்குற மனுவுலயும் இதுவரைக்கும் என்ன கிடைச்சது எண்டு எழுதணும். நீங்க மறைச்சு, அவரு உங்கட கடைக் கொப்பியப் படம் பிடிச்சு வெச்சிருந்தா, முதல் நாளே நீங்க பொய்க்காரன். ஒண்டரை லட்சம் கழிச்சு மிச்சத்துக்குக் கேளுங்க, வட்டியையும் அதக் கணக்குல வெச்சு போடச் சொல்லுங்க.

வீடு எண்டா, நம்மட மட்டக்களப்புல பொம்புளைப் புள்ளைக்குத்தான் வீடு வளவு சீதனம். மாப்பிள்ள குடியிருக்கிறாரு, மேல்மாடியும் கட்டியிருப்பாரு, உறுதி மனுசிட பேருலதான். காணிப் பதிவகத்துல போய் உறுதியப் பாருங்க. மனுசிட தாய் எழுதிக் குடுத்த பழைய சீதன உறுதி எண்டா அந்த வீட்ட மறந்திருங்க.

யாழ் மருமகன்
ஐயா, ஒரு சின்னத் திருத்தம். கலியாணத்துக்குப் பிறகு சேத்தது எண்டா தேடியதேட்டம், புருசனுக்கு அரைவாசி உரிமை இருக்குதெல்லோ. மேல்மாடி அவர் கட்டினது எண்டா அந்த அரைவாசியப் பிடிக்கலாம்தானே? எங்கட ஊரில அப்பிடித்தான் பார்ப்பினம்.

ஓய்வு முதலியார்
உங்கட ஊர்ல சரி தம்பி, தேசவழமைச் சட்டம் வட மாகாணத்துத் தமிழருக்கு. மட்டக்களப்பான் பொதுச் சட்டத்துல போறவன். இஞ்ச கட்டின பொம்புளைட சொத்து அவட தனிச்சொத்து, 1923 கட்டளைச் சட்டத்துல இருந்து அப்பிடித்தான். புருசன் சீமேந்து வாங்கிப் போட்டதுக்காக அவருக்கு உறுதியில பங்கு வராது. அந்தச் சீமேந்து ஹார்ட்வெயார் தம்பிட கடையில இருந்து போனதா இருந்தாலும் வராது, அதுதான் கவலையான பகிடி.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
😂 சிரிக்கிறதா அழுறதா எண்டு தெரியல ஐயா. உண்மையா அந்த வீட்டுக் கொங்கிரீட்டுக்குப் போன கம்பி எண்ட பில்லுலதான் இரிக்கி.

செல்வி டீச்சர்
எனக்கும் இப்பிடி ஒரு பிரச்சினை, ஆரும் உதவி செய்யுங்க. களுவாஞ்சிக்குடியில ஒருத்தர்ட வளவு வாங்குற கதையில அவருக்கு முற்பணம் குடுத்து ஏமாந்து, டிக்ரி எடுத்தன் 6 லட்சத்துக்கு. அவரு ரிட்டையர் ஆன அரசாங்க உத்தியோகத்தர், வேற ஒண்டுமே இல்ல, மகன்ட வீட்டுல இரிக்கிறாரு. மாசா மாசம் பென்சன் எடுக்கிறாரு. அதப் பிடிக்கலாமா? பென்சன் திணைக்களத்துக்கு லெட்டர் எழுதினா பிடிச்சுத் தருவாங்களா?

கல்முனை காக்கா
பென்சன் எண்டா இன்னும் லேசு டீச்சர், மாசாந்தம் வருமே, பேங்குக்கு ஓடர் குடுத்தா அப்பிடியே வெட்டித் தருவாங்க.

ஓய்வு முதலியார்
இல்ல காக்கா. பிடிக்கவே ஏலாத சாமான் லிஸ்ட் ஒண்டு 218ல இரிக்கி, அரசாங்கப் பென்சன் அதுல வருது. படுக்கை பாய், உடுப்பு, தொழில் ஆயுதம், விவசாயிக்கு வாழத் தேவையான மாடு விதைநெல் இதெல்லாம் வருது. டீச்சர், திணைக்களத்துக்கு லெட்டர் எழுதிப் பிரயோசனமில்ல. அவருக்கு எங்கயும் காணிப் பங்கு, நிலையான வைப்பு ஏதும் இரிக்கா எண்டு பாருங்க, தாய் தகப்பன் மரணிச்சு உரித்து வந்திரிக்கா எண்டும் கேளுங்க.

இளம் சட்டத்தரணி
முதலியார் ஐயாவோட ஒத்துப் போறன், ஒரு இடத்துல மட்டும் சந்தேகம். பென்சன் பேங்க் கணக்குக்கு வந்து, மத்தக் காசோட கலந்து, மூணு மாசம் கிடந்தா அது இன்னும் பென்சன்தானா, இல்ல சாதாரண வைப்பா? பேங்க் அவருக்குக் கடன்பட்ட மாதிரித்தான் எண்டு வாதம் செய்யலாம்.

ஓய்வு முதலியார்
வாதம் செய்யலாம் தம்பி, நான் நீதிபதியா இருந்தா அந்த ஆளிண்ட மருந்துக் காச எடுக்க விடமாட்டன். அது எண்ட மனசு. வேற நீதிபதி வேற மாதிரி நினைக்கலாம்.

டீச்சர், தனி இழை ஒண்டு திறந்து கேளுங்க, இத விட்டிட்டு வேற பக்கம் போகாம இரிக்க.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
ஐயா நான் நேத்து பிரதேச செயலகத்துக்கும் கமநல நிலையத்துக்கும் போய் வந்தன். கமநலத்துல அவருட பேருலதான் 5 ஏக்கர் இரிக்கி, உர மானியமும் அவருட பேருலதான் எடுத்திரிக்கிறாரு. வட்ட விதானையும் சொன்னாரு அது அவருட சொந்த வயல் எண்டு. உறுதியும் இரிக்கி ஐயா, ஒருத்தர் கொப்பி காட்டினாரு, ஜனாதிபதி கையெழுத்தே இரிக்கி! அப்ப இதப் பிடிச்சு ஏலத்துல போட்டா முழுக் காசும் வந்திரும்தானே, 5 ஏக்கர், அதுவும் உன்னிச்சைத் தண்ணி.

ஓய்வு முதலியார்
அந்தக் கொப்பியிண்ட முதல் பக்கத்துல என்ன சட்டத்துட பேர் எழுதியிரிக்கி எண்டு பாத்துச் சொல்லுங்க.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் எண்டு. அளிப்பு எண்டும் எழுதியிரிக்கி.

ஓய்வு முதலியார்
அப்ப அந்த வயலையும் அழிச்சிருங்க லிஸ்ட்டுல இருந்து.

நம்மட மாவட்டத்துல அரைவாசிப் பேர் விழுற குழி இதுதான். 1935 சட்டத்துக்குக் கீழ அரசாங்கம் குடுத்த காணிய, பெர்மிட்டா இருந்தாலும் சரி அளிப்பா இருந்தாலும் சரி, எந்தக் கோட்டுட டிக்ரிக்கும் பிடிச்சு விக்க ஏலாது எண்டு அந்தச் சட்டத்துட 170ஆம் பிரிவு சொல்லுது. அம்பாறைக் கல்லோயாக் காலனிக் காணிகளுக்கும் இதே கதைதான். ஜனாதிபதி கையெழுத்து இரிக்கி எண்டதும் சனம் அத உறுதி எண்டு நினைக்கிறாங்க, அது குடும்பம் தெருவுல போகாம இரிக்க அரசாங்கம் கட்டின வேலி. விக்கிறதுக்கே பிரதேச செயலாளர்ட அனுமதி வேணும். கமநலப் பதிவேடும் வட்ட விதானைட வாயும் ஆரு வெள்ளாமை செய்யுறது எண்டு சொல்லும், எந்தச் சட்டத்துக் காணி எண்டு சொல்லாது.

கல்முனை காக்கா
இப்ப உறுமய எண்டு முழு உரிமை உறுதி குடுத்தாங்களே 2024ல, அத எடுத்தவங்கட காணியும் பிடிக்க ஏலாதா?

ஓய்வு முதலியார்
அது நல்ல கேள்வி காக்கா. பழைய அளிப்பு மாறி வேற உறுதி கையில வந்திருந்தா, அந்தப் புது உறுதியில என்ன எழுதியிரிக்கி எண்டதப் படிச்சுத்தான் சொல்லணும். தம்பிட ஆள்ட கையில இரிக்கிறது பழைய அளிப்பு.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
வீடு போச்சு, வயல் போச்சு. மெசினும் லொறியும்தான் மிச்சம்.

இளம் சட்டத்தரணி
அண்ணா, மெசின்ட பதிவுப் புத்தகத்துல முழு உரிமையாளர் எண்ட இடத்துல ஆருட பேர் எண்டு பாருங்க. லீசிங்ல எடுத்தது எண்டா நிதிக் கம்பனிட பேர் இருக்கும், உங்கட ஆள் பதிவு செஞ்ச உரிமையாளர் மட்டும்தான். பிஸ்கால் பிடிச்ச உடனே கம்பனி வந்து உரிமை கோரும், கோட் விசாரிச்சு விடுவிக்கும். நீங்க பிஸ்கால் செலவு, கொண்டு போற லொறி செலவு, காவல் செலவு எல்லாம் சும்மா குடுத்த கணக்கு. அதோட அவரு அத மத்தவன்ட வயல் வெட்ட வாடகைக்கு விடுறாரா? அப்ப அது தொழில் ஆயுதம் எண்டு 218க்குக் கீழ விடுபடும் எண்டும் சொல்லுவாரு.

ஓய்வு முதலியார்
லீசிங் பத்தி சரி. தொழில் ஆயுதம் எண்டதுக்கு நான் ஒத்துப் போகல. தச்சன்ட உளி, மேசன்ட கரண்டி எண்ட கணக்குல போட்ட பிரிவு அது. பல லட்சம் பெறுமதியான மெசின வாடகைக்கு விட்டு உழைக்கிறவன் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்க ஏலாது எண்டு நினைக்கிறன்.

இளம் சட்டத்தரணி
சட்டத்துல பெறுமதி எல்லை அந்த இடத்துல போடேல்லையே ஐயா. "தொழிலுக்கான ஆயுதங்கள்" எண்டுதான் இரிக்கி. அவருக்கு வேற வருமானம் இல்லாட்டி கோட் இரக்கம் காட்டும்.

ஓய்வு முதலியார்
சரி, நீங்க உங்கட கட்சிக்காரருக்கு அப்பிடி வாதாடுங்க, நான் எண்ட கட்சிக்காரருக்கு இப்பிடி எழுதிக் குடுப்பன். எப்பிடியும் லீசிங் முடியாம இந்த மெசினத் தொடுறதுல லாபமில்ல.

தம்பி ஹார்ட்வெயார், இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன், இத நல்லாக் கேளுங்க. உங்கட டிக்ரிக்கு ஒரு வருசம் தாண்டிட்டு, 10 வருசம் தாண்டல, அதால ரிட் கேக்கலாம், ஆனா 347ன்படி மனுவ அவருக்குச் சார்த்தல் செய்யணும். அவருக்கு நோட்டீஸ் போற நாளையில இருந்து அவரு உசாராயிடுவாரு. லொறி மச்சானுக்கு மாறும், பேங்க்ல இரிக்கிற காசு வெளிய வரும். அதால நோட்டீஸ் போறதுக்கு முன்னால, மனு போடுறதுக்கு முன்னாலயே, காணிப் பதிவகத்துல தேடுங்க. வாகனப் பதிவுல பாத்து திகதி போட்ட கடதாசி எடுங்க. பிறகு அவரு மாத்தினா, இந்தத் திகதிக்கு அவருட பேருல இருந்தது எண்டு காட்ட உங்களுக்கு ஒரு கடதாசி வேணும். அந்த 20 பேர்ச் வளவ முதல்ல பாருங்க.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
சரி ஐயா, வாற கிழமை காணிப் பதிவகம் போறன். பேரச் சொன்னாக் காட்டுவாங்களா?

ஓய்வு முதலியார்
காணிப் புத்தகம் ஆள்ட பேருல ஓடாது, காணிட பேருலதான் ஓடும். கிராமம், காணிட பேர், எல்லை வேணும், பழைய உறுதி நம்பர் ஒண்டு கிடைச்சா இன்னும் நல்லம். வடக்குப் பக்கத்து வளவுக்காரர்ட உறுதியக் கேட்டுப் பாருங்க, அதுல தெற்கு எல்லை எண்டு உங்கட ஆள்ட காணி எழுதியிரிக்கும். அதப் பிடிச்சுத் தேடுறது பழைய ஆக்கள் செய்யுற வேலை.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
பத்து நாளைக்குப் பிறகு வாறன். ஐயா சொன்ன மாதிரி பக்கத்து வளவு அம்மாட உறுதியில இருந்து பிடிச்சுப் பிடிச்சுப் போனன். ரெண்டு நாள் பதிவகத்துலதான் குந்தியிருந்தன். 20 பேர்ச் வளவு அவருட பேருலதான் இருந்திரிக்கி, 2022 டிசம்பர்ல மகளுக்கு நன்கொடை உறுதி எழுதியிரிக்கிறாரு! தீர்ப்பு செப்டம்பர், உறுதி டிசம்பர், மூணே மூணு மாசம். மகளுக்குக் கலியாணம் நடந்தது 2023 பெப்ரவரியில. எனக்குக் கலியாணக் காட் வேற தந்தாங்க 😡

யாழ் மருமகன்
அது கள்ள உறுதி அண்ணை, உடன வழக்குப் போட்டு உடைக்கலாம். கடன்காரன ஏமாத்த எழுதினது எண்டு தெளிவா இருக்கு.

ஓய்வு முதலியார்
கொஞ்சம் பொறுங்க. கடன் குடுத்தவன ஏமாத்த சொத்த மாத்தினா அத ரத்து செய்யுற வழக்கு இரிக்கி, ரோமன் டச்சு சட்டத்துல வந்த பழைய வழக்கு, போலியன் வழக்கு எண்டு சொல்லுவாங்க. அதுக்கு ரெண்டு காட்டணும். அந்த உறுதியால அவருக்குக் கடன் கட்ட வக்கில்லாமப் போச்சு எண்டது ஒண்டு, ஏமாத்துற எண்ணம் மத்தது. சும்மா குடுத்த நன்கொடை எண்டா வாங்கினவருக்குத் தெரியுமா தெரியாதா எண்டு பாக்கத் தேவையில்ல, காசுக்கு வித்தது எண்டா வாங்கினவருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இஞ்சதான் நம்மட வழக்கம் குறுக்க வருது. அவங்க சொல்லுவாங்க இது சும்மா குடுத்ததில்ல, கலியாணத்துக்காகக் குடுத்த சீதனம், மாப்பிள்ள வீட்டார் அத நம்பித்தான் சம்மதிச்சாங்க எண்டு. சீதனம் நன்கொடையா, இல்ல கலியாணத்துக்குப் பதிலா வாங்கினதா? பதில் வாங்கினது எண்டா மகளுக்கும் உங்கட கடன் தெரிஞ்சிருந்தது எண்டு நீங்கதான் நிறுவணும்.

இளம் சட்டத்தரணி
உறுதியில நன்கொடை எண்டு எழுதியிருக்கா, கலியாணத்த முன்னிட்டு எண்டு எழுதியிருக்கா அண்ணா? அது முக்கியம். "பாசத்தாலும் அன்பாலும்" எண்டு மட்டும் இருந்தா உங்களுக்கு நல்லம்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
பாசத்தாலும் அன்பாலும் எண்டுதான் எழுதியிரிக்கி, கலியாணம் எண்ட சொல்லே இல்ல. கொப்பிய எடுத்திட்டன்.

செல்வி டீச்சர்
நான் சொல்லுறது தப்பு எண்டா மன்னிக்கணும், ஆனா அந்தப் புள்ள இரிக்கிற நிலம் அது. அப்பன் செஞ்ச கடனுக்கு மகள் வெளிய போகணுமா? நம்மட ஊர்ல சீதனம் எண்டது பொம்புளைப் புள்ளைட ஒரே ஒரு சொத்து.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
டீச்சர் எனக்கும் ரெண்டு பொம்புளைப் புள்ளைகள்.

ஓய்வு முதலியார்
ரெண்டு பேரிட்டயும் கேக்கிறன், இஞ்ச சண்டை வேணாம்.

தம்பி, தனி வழக்கு உடனே போடலாம், இல்லாட்டி ரிட்டுக்குக் கீழ அந்த வளவையே பிடிக்கலாம். பிடிச்சா மகள் வந்து உரிமை கோருவா, கோட் சுருக்கமா விசாரிக்கும், உறுதி அவட பேருல எண்டு விடுவிச்சா உங்களுக்கு 14 நாள்தான், அதுக்குள்ள 247க்குக் கீழ வழக்குப் போட்டு அதுக்குள்ளயே அந்த உறுதியையும் உடைக்கக் கேளுங்க. 14 நாள் தப்பினா கதை முடிஞ்சிது. ஆனா ரெண்டும் வருசக்கணக்கு. அதுக்கு முன்னால கையில கிடைக்கிறதப் பாருங்க. அவரு மாரி வெள்ளாமைய ஆருக்கு விக்கிறவரு?

வாவிக்கரை ஹார்ட்வெயார்
ஏறாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு எண்டு கேள்வி. ஆனா வயலப் பிடிக்க ஏலாது எண்டீங்களே?

ஓய்வு முதலியார்
வயலைப் பிடிக்க ஏலாது. வெட்டி மூடை கட்டி ஆலைக்குக் குடுத்த நெல்லுட காசு ஆலைக்காரன் அவருக்குக் குடுக்க வேண்டிய கடன், அது 170க்குள்ள வராது. விதைநெல்லு மட்டும்தான் 218ல தப்புது. அந்தக் காச 229க்குக் கீழ தடை நோட்டீஸ் போட்டுப் பிடிக்கலாம், ஆலைக்காரன் அவருக்குக் குடுக்கக் கூடாது, கோட்டுல கட்டணும். ஆனா ஆலைக்காரன் பேர், எவ்வளவு, குடுத்திட்டானா எண்டதெல்லாம் தெரியணும். அதுக்குத்தான் 219. ரிட் அனுமதிச்ச உடனே கடன்காரனக் கூப்பிட்டு உனக்கு என்ன சொத்து, ஆரு உனக்குக் காசு தரணும் எண்டு சத்தியத்துல கேக்கலாம். அறுவடை பெப்ரவரி மார்ச், அத மனசுல வெச்சு நாள் கேளுங்க. அறுவடைக்கு முந்திக் கேட்டா ஒண்டுமில்ல எண்டு உண்மையச் சொல்லிட்டுப் போவாரு.

*(இழை ஆறு மாதம் அமைதி)*

வாவிக்கரை ஹார்ட்வெயார்
மறந்திருப்பீங்க, நான் மறக்கல. சொல்ல வந்தன்.

நவம்பர்ல மனு போட்டம், நோட்டீஸ் போனது, அவரு வந்து ஒண்டரை லட்சத்த நான் மறைச்சிட்டன் எண்டு சொல்லப் பார்த்தாரு, அது மனுவுல இரிக்கி எண்டு லோயர் காட்டினதும் வாய் அடைச்சிட்டு. ஜனவரியில ரிட் அனுமதிச்சாங்க. அதுக்குள்ள லொறி மச்சான்ட பேருக்கு மாறிட்டு, ஐயா சொன்ன மாதிரி பழைய பதிவுக் கடதாசி கையில இரிக்கி, அது பிறகு.

மார்ச்ல 219 விசாரணை. அந்தாள் வெள்ளைச் சேட்டோட கூண்டுல நிண்டு, சொத்து ஒண்டும் இல்ல, பேங்க்ல 4,000 ரூபா எண்டாரு. எங்கட லோயர் சொத்தப் பத்திக் கேக்கவே இல்ல, இந்தப் போகம் எத்தனை ஏக்கர் விதைச்சீங்க எண்டு கேட்டாரு. 5 எண்டாரு. எத்தனை மூடை வந்திச்சி? 110 எண்டாரு, கொஞ்சம் பெருமையாவே சொன்னாரு கா, இந்த வருசம் நல்ல விளைச்சல் எண்டும் சேத்துச் சொன்னாரு. எங்க குடுத்தீங்க? ஆலைட பேரச் சொன்னாரு. காசு வந்திட்டா? முற்பணம் மூணு லட்சம் வந்தது, மிச்சம் கணக்குப் பாக்கணும் எண்டு சொல்லிட்டுத்தான் அவருக்கே விளங்கினது. கூண்டுக் கம்பியப் பிடிச்சிட்டே நிண்டாரு.

ரெண்டு நாளையில ஆலைக்குத் தடை நோட்டீஸ் போனது. ஆலை முதலாளி 7,26,000 எண்டு கணக்குக் காட்டி மூணு லட்சம் முற்பணம் கழிச்சு 4,26,000 தர இரிக்கி எண்டு ஒத்துக்கிட்டு கோட்டுல கட்டினாரு. எனக்கு ஆச்சரியம், அவரு மறுப்பாரு எண்டு நினைச்சன்.

கல்முனை காக்கா
மாஷா அல்லாஹ். நான் சொன்ன வயல்தான் காசு குடுத்திச்சி, பாத்தீங்களா 😀

ஓய்வு முதலியார்
சரி காக்கா, அரைவாசி நீங்களும் சரி. தம்பி, ஆலைக்காரன் மறுத்திருந்தா இன்னொரு விசாரணை வந்திருக்கும், அதிர்ஷ்டம். இன்னொண்டு, அவருக்கு எதிரா வேற டிக்ரி வெச்சிருக்கிறவன் அந்த 4,26,000 கோட்டுக்கு வாறதுக்கு முந்தியே அதே கோட்டுல ரிட் கேட்டிருந்தா பங்கு பிரிக்கணும், 352. அதப் பாத்தீங்களா?

வாவிக்கரை ஹார்ட்வெயார்
அதுதான் ஐயா சொல்ல வந்த ரெண்டாவது விசயம். ஒரு வாகன லீசிங் கம்பனியும் டிக்ரி எடுத்து ரிட் போட்டிரிக்கி, அவங்கட கணக்கு 9 லட்சம் மாதிரி. இப்ப ரெண்டு பேருக்கும் அந்தக் காசு வீதம் பிரிக்கிறதா எண்டு ஒரு திகதி போட்டிரிக்காங்க. எனக்கு நியாயமாப் படல, அந்தாள்ட வாயில இருந்து அத எடுத்தது என்ட லோயர்.

இளம் சட்டத்தரணி
அவங்க எந்தத் திகதியில ரிட் விண்ணப்பம் போட்டாங்க அண்ணா? காசு கோட்டுக்கு வந்த நாளுக்கு முந்தியா பிந்தியா? அதுதான் எல்லாம்.

வாவிக்கரை ஹார்ட்வெயார்
ஆலை காசு கட்டினது 24ஆந் திகதி. கம்பனி போட்டது 21 எண்டு கோப்புல இரிக்கி எண்டு அவங்க லோயர் சொல்லுறாரு, ஆனா எங்கட லோயர் அது வேற வழக்கு நம்பர் எண்டு சொல்லுறாரு. நாளைக்குக் காலையில ரெஜிஸ்ட்ரிக்குப் போய் கோப்பப் பாக்கப் போறன்.

ஓய்வு முதலியார்
பதிவாளர்ட சீல் அடிச்ச திகதியப் பாருங்க, மனுவுல டைப் பண்ணின திகதிய இல்ல. வளவு விசயம் என்னாச்சு?

வாவிக்கரை ஹார்ட்வெயார்
போன கிழமை பிஸ்கால் தப்பு மேளம் அடிச்சு வளவுல நோட்டீஸ் ஒட்டினாரு, காணிப் பதிவகத்துலயும் பதிஞ்சாச்சு. மகள் உரிமை கோரியிரிக்கிறா. அவட குழந்தைய இடுப்புல வெச்சிட்டு வாசல்ல நிண்டா, எனக்கு முகத்தப் பாக்க ஏலாமப் போச்சு டீச்சர்.

செல்வி டீச்சர்
விசாரணை எப்ப தம்பி?

வாவிக்கரை ஹார்ட்வெயார்
ஜூன் 11.